ஆம்பியர் 40 என்கிறார், பயட்–சாவர்ட் 28 என்கிறார்கள்: ஒரு நேர்க்கம்பியின் கணக்கு

பிளஸ் டூ இயற்பியலில் மின்னோட்டம் பாயும் நீண்ட நேர்க்கம்பியின் காந்தப்புலத்தை இரண்டு முறை தருவிக்கிறோம். முதலில் பயட்–சாவர்ட் விதியை வைத்து, படம், கோணம், தொகையிடல் என்று ஒரு பக்கத்துக்கு. அப்புறம் ஆம்பியரின் சுற்று விதியை வைத்து மூன்றே வரியில். இரண்டிலும் விடை ஒன்றுதான்:

B = μ₀I/(2πR)

மூன்று வரியில் முடிகிற வேலைக்கு எதற்கு ஒரு பக்கம் என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார். முதல் வழி பொதுவானது, இரண்டாவது சமச்சீர் இருந்தால் மட்டும் பயன்படுவது என்பது வழக்கமான பதில். அது தப்பில்லை, ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி கம்பியை வெட்டிப் பார்த்தால்தான் வெளியே வரும். அதனால் ஒரு குறிப்பிட்ட கணக்கையே கடைசி வரை பிடித்துக்கொண்டு போவோம்.

கம்பியில் 10 ஆம்பியர் ஓடுகிறது. கம்பியிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியில் புலம் வேண்டும். சூத்திரத்தில் போட்டால் 40 மைக்ரோடெஸ்லா. இந்த எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தேன். தமிழ்நாடு காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ கிடையாகவே இருக்கிறது, அந்தக் கிடைக்கூறும் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். ஆகவே இந்தக் கம்பியின் புலம் கிழக்கு மேற்காக இருக்கும்படி ஒரு திசைகாட்டியை வைத்தால் முள் வடக்கிலிருந்து 45 டிகிரி திரும்பி நிற்க வேண்டும். எண்ணைக் கண்ணால் பார்க்க இது ஒரு சுலபமான வழி. கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

முதலில் கூட்டல் வழி. கம்பியைச் சிறு சிறு மின்னோட்டக் கூறுகளாக நறுக்குகிறோம். dl நீளமுள்ள ஒரு கூறு, r தொலைவில் உள்ள புள்ளியில் தரும் புலம்

dB = (μ₀/4π) · I dl sinθ / r²

θ என்பது கூறின் திசைக்கும், கூறிலிருந்து புள்ளிக்குப் போகும் கோட்டுக்கும் நடுவே உள்ள கோணம். நேர்க்கம்பியில் ஒரு வசதி உண்டு. எல்லாக் கூறுகளும் தரும் புலம் ஒரே திசையில், கம்பியும் புள்ளியும் அமைந்த தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும். அதனால் திசையைப் பற்றிக் கவலைப்படாமல் எண்களைக் கூட்டினால் போதும். θ, r, dl மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை, எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் எழுதிவிடலாம். புள்ளியிலிருந்து கம்பிக்கு ஒரு செங்குத்துக்கோடு வரையுங்கள், அதன் நீளம் R. அந்தக் கோட்டுக்கும், புள்ளியையும் கூறையும் இணைக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம் φ. அப்போது கூறு இருக்கும் இடம் R tanφ, தொலைவு R/cosφ, sinθ என்பது cosφ. எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மிஞ்சுவது இவ்வளவுதான்:

dB = (μ₀I/4πR) cosφ dφ

தொகையிட்டால் sinφ. கம்பியின் ஒரு முனை φ₁ கோணத்திலும் மறுமுனை φ₂ கோணத்திலும் தெரிந்தால்

B = (μ₀I/4πR)(sinφ₁ + sinφ₂)

கம்பி முடிவில்லாமல் நீண்டால் இரண்டு கோணமும் 90 டிகிரி, அடைப்புக்குள் 2, பழைய சூத்திரம் வந்துவிடுகிறது.

இந்த ஒரு பக்க வேலைக்குக் கூலி அந்தக் கடைசி விடை மட்டும் இல்லை. கம்பியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் கையில் கிடைக்கிறது. sin 30° என்பது அரை. அதாவது செங்குத்துக்கோட்டுக்கு இரு புறமும் 30 டிகிரிக்குள் அடங்கும் துண்டே மொத்தப் புலத்தில் பாதியைத் தந்துவிடுகிறது. R 5 சென்டிமீட்டர் என்றால் அந்தத் துண்டு சுமார் 5.8 சென்டிமீட்டர், அவ்வளவுதான். 99 சதவீதம் வேண்டுமென்றால் இரு புறமும் R-ஐப் போல் ஏழு மடங்கு போக வேண்டும், மொத்தம் 70 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் கம்பி பக்கத்து ஊர் வரை போனாலும் அது தருவது மிச்சம் ஒரு சதவீதம். ‘மிக நீண்ட கம்பி’ என்று கேள்வித்தாளில் போகிறபோக்கில் எழுதிவிடுகிறோமே, அந்த ‘மிக’ எவ்வளவு என்பதை இந்த வழிதான் சொல்கிறது. ஆம்பியர் விதியின் மூன்று வரியில் இது எங்கும் இல்லை.

இப்போது அந்த மூன்று வரி. கம்பியைச் சுற்றி R ஆரமுள்ள ஒரு வட்டம். வட்டத்தின் வழியே போய், ஒவ்வொரு அடியிலும் புலத்தின் அந்தத் திசைக்கூறை அந்த அடியின் நீளத்தால் பெருக்கிக் கூட்டினால், வட்டத்துக்குள் புகுந்து போகும் மின்னோட்டத்தைப் போல் μ₀ மடங்கு வர வேண்டும். புலம் வட்டம் முழுக்க ஒரே அளவு என்பதால் B × 2πR = μ₀I. முடிந்தது.

முடிந்ததா? புலம் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில்தான் இருக்கும் என்று இங்கே ‘சமச்சீரால்’ என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் சில வாதங்கள் அடங்கியிருக்கின்றன. உதாரணத்துக்கு, புலம் கம்பியிலிருந்து வெளிநோக்கி ஏன் இருக்கக்கூடாது? இருக்கிறது என்று வையுங்கள். மின்னோட்டத்தைத் திருப்பினால் புலமும் திரும்பி உள்நோக்க வேண்டும். ஆனால் மின்னோட்டத்தைத் திருப்புவதற்குப் பதில் கம்பியையே தலைகீழாக்கினாலும் அதே நிலைமைதான், அப்படிச் செய்யும்போது வெளிநோக்கிய புலம் வெளிநோக்கியே இருக்கும். ஒன்று உள்ளே என்கிறது, மற்றது வெளியே என்கிறது, ஆக அந்தக் கூறு பூஜ்யம். கம்பிக்கு இணையான கூறை இந்த வாதம் விரட்டாது. அதற்கு, கம்பிக்கு வெளியே ஒரு செவ்வகப் பாதை போட்டு, அதற்குள் மின்னோட்டம் இல்லை என்பதிலிருந்து அந்தக் கூறு எல்லாத் தொலைவிலும் சமம் என்று காட்ட வேண்டும். வெகு தொலைவில் பூஜ்யம் என்றால் எங்கும் பூஜ்யம். கூட்டல் வழியில் இதெல்லாம் தானாகவே வந்துவிட்டது. மூன்று வரி என்பது கொஞ்சம் ஏமாற்றுக் கணக்குத்தான்.

சரி, கம்பியை வெட்டுவோம். 10 சென்டிமீட்டர் துண்டு, அதே 10 ஆம்பியர், துண்டின் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அதே புள்ளி. இரண்டு முனைகளும் 45 டிகிரியில் தெரிகின்றன. கூட்டல் வழியில் விடை 40 × sin 45°, அதாவது 28.3 மைக்ரோடெஸ்லா. ஆம்பியர் வழியில்? வட்டத்துக்குள் போகும் மின்னோட்டம் அதே 10 ஆம்பியர், ஆரம் அதே 5 சென்டிமீட்டர், விடை 40. இரண்டில் ஒன்று தப்பு.

இங்கேதான் அந்த வழக்கமான பதில் நம்மைக் கைவிடுகிறது. ‘துண்டுக்குச் சமச்சீர் இல்லை, அதனால் ஆம்பியர் விதியைப் பயன்படுத்தக்கூடாது’ என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். துண்டைத் தன் அச்சைச் சுற்றி எவ்வளவு திருப்பினாலும் அது அப்படியே இருக்கிறது. ஆகவே துண்டு தரும் புலம் வட்டம் முழுக்க ஒரே அளவுதான், தொடுகோட்டுத் திசையில்தான். வட்டத்தில் கணக்குப் போட இதற்கு மேல் சமச்சீர் தேவையே இல்லை. இழந்தது கம்பியின் நீளவாக்கில் உள்ள சமச்சீரை மட்டும், அதை நாம் இந்தக் கணக்கில் தொடக்கூட இல்லை.

கோளாறு சமச்சீரில் இல்லை என்றால் விதியிலேயே இருக்க வேண்டும். ‘வட்டத்துக்குள் போகும் மின்னோட்டம்’ என்றால் என்ன? வட்டத்தின் மேல் ஒரு தட்டையான வட்டுப்பரப்பைப் பொருத்தினால் கம்பி அதைத் துளைக்கிறது, 10 ஆம்பியர். அதே வட்டத்தை வாயாக வைத்து ஒரு பையைத் தைத்து, துண்டின் ஒரு முனையைப் பைக்குள் அடக்கிவிட்டால்? பையின் துணியை எந்தக் கம்பியும் துளைக்கவில்லை, பூஜ்யம் ஆம்பியர். ஒரே வட்டத்துக்கு இரண்டு விடை வந்தால் அந்த விதியை இந்த நிலைமையில் எழுதவே முடியாது. மின்னோட்டம் எங்கும் தொடங்காமல், எங்கும் முடியாமல், மூடிய சுற்றாக ஓடும்போது மட்டுமே ஆம்பியர் விதி பொருள்படும். முடிவில்லாத கம்பிக்கு இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், அதற்கு முனை இல்லை என்பதுதான்.

ஆக, துண்டுக்கு முனை இருக்கிறது. ஆய்வகத்தில் அந்த முனைகளில் என்ன நடக்கும்? பெரும்பாலும், வேறு கம்பி தொடரும். நம் துண்டை 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சுற்றின் ஒரு பக்கமாக ஆக்குவோம். இப்போது சுற்று மூடியிருக்கிறது, ஆம்பியர் விதி செல்லும். ஆனால் புலம் வட்டம் முழுக்க ஒரே அளவு இல்லை. துண்டிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே போனால் அது சதுரத்தின் மையம். அங்கே நான்கு பக்கமும் ஆளுக்கு 28.3 கொடுத்து ஒன்றாகச் சேர்கின்றன, மொத்தம் 113 மைக்ரோடெஸ்லா. அதே 5 சென்டிமீட்டர் வெளியே வந்தால் நம் துண்டு 28.3 தருகிறது, ஆனால் மற்ற மூன்று பக்கங்களும் எதிர்த்து இழுக்கின்றன. அடுத்தடுத்த பக்கங்கள் தலா 4.8, எதிர்ப்பக்கம் 4.2. மிஞ்சுவது 14.4.

இரண்டு எண்ணும் 40 இல்லை. ஆனால் ஆம்பியர் விதி சராசரியைப் பற்றித்தான் பேசுகிறது. வட்டத்தில் சம இடைவெளியில் எட்டுப் புள்ளிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்களின் பங்கையும் கூட்டி, வட்டத்தின் திசைக்கூறை மட்டும் எடுத்துக்கொண்டு கையால் போட்டுப் பார்த்தேன். மையத்தில் 113.1, உள்புறம் சாய்வாக இரு புள்ளிகளில் 55.7, நேர் மேலும் கீழும் 25.0, வெளிப்புறம் சாய்வாக இரு புள்ளிகளில் 16.4, நேர் வெளியே 14.4. சராசரி 40.2. புள்ளிகளைக் கூட்டக் கூட்ட இது சரியாக 40-க்கு வந்து நிற்கும். இதில் நம் துண்டின் பங்கு எப்போதும் 28.3. குறைகிற 11.7-ஐ மற்ற மூன்று பக்கங்களும் சேர்ந்து சராசரியில் இட்டு நிரப்புகின்றன, அவற்றில் ஒன்றுகூட வட்டத்துக்குள் புகாமலே. இரண்டு விதிக்கும் சண்டையே இல்லை. ஆம்பியர் முழுச் சுற்றின் கணக்கைச் சொல்கிறார், பயட்–சாவர்ட் கணக்கில் ஒரு பக்கத்தின் பங்கை மட்டும் நாம் பிரித்து வைத்திருந்தோம்.

மற்ற கம்பிகளே இல்லை, துண்டு மட்டும்தான் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால்? அப்போது மின்னோட்டம் போய்ச் சேரும் முனையில் நேர்மின்னூட்டமும் கிளம்பும் முனையில் எதிர்மின்னூட்டமும் குவிய வேண்டும், விநாடிக்கு 10 கூலும் வீதம். ஒரு விநாடிகூட இதைத் தாங்கும் கருவி கிடையாது, ஆனால் ஒரு கணத்துக்கு நடப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். குவியும் மின்னூட்டத்தால் மின்புலம் வளர்கிறது. வளரும் மின்புலத்தையும் ஒரு மின்னோட்டமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மேக்ஸ்வெல் 1860-களின் தொடக்கத்தில் சொன்னார், அதுதான் இடப்பெயர்ச்சி மின்னோட்டம்.

நம் வட்டுப்பரப்பு ஒவ்வொரு முனையிலிருந்தும் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதன் ஆரமும் 5 சென்டிமீட்டர். முனையிலிருந்து பார்த்தால் வட்டின் விளிம்பு 45 டிகிரியில் தெரியும். புள்ளி மின்னூட்டத்திலிருந்து நாலாபுறமும் சமமாகப் பரவும் மின்பாயத்தில் அப்படிப்பட்ட கூம்புக்குள் அடங்குவது (1 − cos 45°)/2, அதாவது 14.6 சதவீதம். இரண்டு முனைகளுக்கும் சேர்த்து 29.3 சதவீதம். திசை? மின்புலம் நேர்மின் முனையிலிருந்து எதிர்மின் முனைக்கு, மின்னோட்டத்துக்கு எதிராக. ஆகவே வட்டின் வழியே கம்பியில் முன்னே போவது 10 ஆம்பியர், இடப்பெயர்ச்சி மின்னோட்டமாகப் பின்னே வருவது 2.93 ஆம்பியர். நிகரம் 7.07 ஆம்பியர். இதை மூன்று வரியில் போடுங்கள்: 28.3 மைக்ரோடெஸ்லா. பைப்பரப்பை எடுத்தாலும் இதே விடைதான். நேர்மின் முனையின் பாயத்தில் மிச்சமுள்ள 85.4 சதவீதம் பையின் வழியே வெளியேறுகிறது, எதிர்மின் முனையை நோக்கி வாய் வழியாகப் போக வேண்டிய 14.6 சதவீதம் அதிலிருந்து கழிகிறது, நிகரம் அதே 7.07.

இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகவே இருந்தது. கூட்டல் வழியில் மின்னூட்டம், மின்புலம் என்ற பேச்சே எழவில்லை. ஆனாலும் முனைகளின் மின்னூட்டத்தைக் கணக்கில் எடுத்தது போலவே விடை வந்துவிட்டது. பயட்–சாவர்ட் சூத்திரத்தில் உள்ள 1/r², புள்ளி மின்னூட்டத்தின் 1/r² பரவலோடு கச்சிதமாகப் பொருந்துவதால்தான் இப்படி. மின்னோட்டம் மிக வேகமாக மாறாதவரை இந்தப் பொருத்தம் நிற்கும். அலை கிளம்பும் அளவுக்கு வேகமாக மாறினால் இரண்டு கணக்கையும் வேறு விதமாக எழுத வேண்டும்.

வரலாற்றில் யாரும் தனிக் கூறின் புலத்தை அளந்து இந்த 1/r²-ஐக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1820 ஜூலையில் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார், அதே ஆண்டு அக்டோபர் 30-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் பயட்டும் சாவர்ட்டும் தங்கள் அளவீட்டைச் சொன்னார்கள். அவர்கள் எடுத்தது செங்குத்தான நீண்ட கம்பி. பக்கத்தில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, பூமியின் புலத்தை இன்னொரு காந்தத்தால் சமன்செய்து, ஊசி அலையும் நேரத்தை எண்ணினார்கள். புலம் 1/R ஆகக் குறைவது அப்படித்தான் தெரிந்தது. முழுக் கம்பிக்கு 1/R என்றால் ஒவ்வொரு கூறுக்கும் 1/r² இருக்க வேண்டும் என்று பின்னால் பிரித்தெடுத்தது லாப்லாஸ். சுற்று விதியிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு ஆம்பியரின் பெயர் இருந்தாலும், அதை அந்த வடிவத்தில் எழுதியது 1850-களில் மேக்ஸ்வெல்.

இனி திசைகாட்டிக்கு வருவோம். கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு வடக்கே 5 சென்டிமீட்டரில் திசைகாட்டியை வைத்தால் புலம் கிழக்கு மேற்காக இருக்கும், முள் 45 டிகிரி காட்ட வேண்டும். 10 ஆம்பியர் தரும் மின்வழங்கி கையில் இல்லாவிட்டால் பரவாயில்லை, 2 ஆம்பியரை ஐந்து சுற்றாகச் சுற்றினால் அதே வேலை நடக்கும். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தில் அப்படிச் சுற்றியிருக்கிறோம், சட்டத்தின் தளம் வடக்கு தெற்காக இருக்கிறது, ஒரு செங்குத்துப் பக்கத்தை நம் ‘நீண்ட கம்பி’யாக எடுத்துக்கொள்கிறோம் என்று வைப்போம்.

கம்பி நீளமாக இல்லை என்ற குறை இங்கே அற்பம். ஒரு மீட்டர் பக்கம் தனியே தருவது 39.8, வெறும் அரை சதவீதக் குறைவு. பலர் இதோடு திருப்தியடைந்து, முள் ஏன் 45-ல் நிற்கவில்லை என்று உராய்வையும் திசைகாட்டியையும் குறை சொல்வார்கள். உண்மையான திருடன் திரும்பிப் போகும் கம்பி. சட்டத்துக்கு வெளியே 5 சென்டிமீட்டரில் மற்ற மூன்று பக்கங்களும் சேர்ந்து 4.0 மைக்ரோடெஸ்லா கழிக்கின்றன, புலம் 35.8, முள் காட்டுவது சுமார் 42 டிகிரி. உள்ளே 5 சென்டிமீட்டரில் அவை 4.9 கூட்டுகின்றன, புலம் 44.7, முள் சுமார் 48 டிகிரி. ஆறு டிகிரி வித்தியாசம், சாதாரணத் திசைகாட்டியிலேயே தெரியும். கம்பியின் ஒரு புறம் மட்டும் அளந்தவர் பத்து சதவீதம் தப்பாகச் சொல்வார், எந்தப் புறம் என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ. இரு புறமும் அளந்து, கோணங்களின் tan மதிப்பை 40-ஆல் பெருக்கிச் சராசரி எடுத்தவருக்கு 40.2 கிடைக்கும்.